கைமாற்றாகப் போன 14 இலட்சம்: வழக்கா, புரோநோட்டா, மத்தியஸ்த சபையா?

தலவாக்கலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடந்த நவம்பரில் ஒரு வங்கிக் கூற்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று வரிகளுக்கு மஞ்சள் மை பூசியிருந்தார். "இதோ ஆதாரம். காசு போயிருக்கிறதா இல்லையா? இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார். சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தராகப் பல வருடங்கள் இருந்துவிட்ட எனக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. காசு போனது உண்மை. அது கடனாகப் போனது என்று அந்த மூன்று வரிகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித் தருகிறேன். கடன் வாங்கியவர் அவருடைய பழைய மாணவர். நுவரெலியாவில் மரக்கறி வாங்கித் தம்புள்ளைக்கு லொறியில் அனுப்புகிறவர். 2023 மார்ச் 10ஆம் திகதி 6 இலட்சம் அவருடைய கணக்குக்குப் போனது. மே 4ஆம் திகதி 5 இலட்சம் போனது, ஆனால் அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய மனைவியின் கணக்குக்கு. செப்டெம்பர் 18ஆம் திகதி மறுபடி அவர் கணக்குக்கு 3 இலட்சம். 2024 ஜனவரி 22ஆம் திகதியும் மார்ச் 15ஆம் திகதியும் ஐம்பதினாயிரம் ஐம்பதினாயிரமாக ஓர் இலட்சம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வட்ஸ்அப் செய்திகள் மட்டும்தான் வந்தன. "சேர், லீக்ஸ் விலை விழுந்துவிட்டது, அடுத்த மாதம் தருகிறேன்" என்ற ரகம். கையொப்பமிட்ட எழுத்து ஒன்றும் இல்லை. மீதி 13 இலட்சம்.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு, மாணவரிடம் இப்போதாவது ஒரு புரோநோட்டு எழுதி வாங்குதல், மத்தியஸ்த சபை, பொலிஸ். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கடனைத் திருப்பித் தராதது குற்றம் அல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் தண்டனைச் சட்டக்கோவையின் வஞ்சித்தல் பற்றிய பிரிவுகள் பொருந்தும். ஓர் இலட்சத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதர் மீது அதைக் காட்டுவது கடினம். பொலிஸ் நிலையத்தில் இருவரையும் கூப்பிட்டு ஒரு தவணை பேசி அனுப்புவார்கள். தவணை தவறினால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதற்கிடையில் மாதங்கள் கழிந்திருக்கும். இந்த மாதிரி வழக்குகளில் கழியும் மாதங்களுக்குத்தான் விலை அதிகம்.

ஏனென்றால் எல்லா வழிகளையும் ஒரு திகதிதான் ஆள்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எழுத்துப் பிணையில்லாமல் கொடுத்த கடனுக்கு மூன்று வருடம் தருகிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கும் புரோநோட்டுக்கும் 6ஆம் பிரிவு ஆறு வருடம் தருகிறது. கைமாற்று எழுத்தில்லாமலும் செல்லும். நிலம் வாங்குவதற்கு நொத்தாரிசு வேண்டும் என்பதுபோல் காசு கடன் கொடுக்க எழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதாததற்கு அது வைத்திருக்கும் தண்டனை, பாதி ஆயுள்.

எப்போது திருப்பித் தர வேண்டும் என்று நாள் பேசாத கடனுக்குப் பணம் கைமாறிய நாளிலிருந்தே மூன்று வருடத்தை எண்ணிவிடுவது பாதுகாப்பு. அப்படி எண்ணினால் ஆசிரியரின் 6 இலட்சம் 2026 மார்ச் 10ஆம் திகதியோடு போய்விடும், 5 இலட்சம் மே மாதம், 3 இலட்சம் செப்டெம்பர். அவர் மனத்தில் இது ஒரே கடன், 14 இலட்சம். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி மூன்று தனித்தனிக் கடன் என்றுதான் சொல்வார், அப்படிச் சொல்வதுதான் அவருக்கு இலாபம்.

ஆனால் பகுதிக் கொடுப்பனவு காலத்தைப் புதுப்பிக்குமே என்று கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதே கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாயால் ஒப்புக்கொண்டது செல்லாது. கடனாளி கையொப்பமிட்ட எழுத்து செல்லும், முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்ததும் செல்லும். 2024 மார்ச் 15ஆம் திகதி வந்த ஐம்பதினாயிரம் அந்த வகையில் நல்ல ஆயுதம். ஆனால் எந்தக் கடனுக்காக வந்தது என்று அதில் எழுதியில்லை. முதல் கடனுக்கா, மூன்றுக்கும் சேர்த்தா, இன்னும் மோசமாக, கடனே அல்லாத வேறு ஏதாவதா? வட்ஸ்அப் செய்தி கையொப்பமிட்ட எழுத்தாகுமா என்பதும் வாதத்துக்கு உரியது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தை வைத்து ஆகும் என்று வாதாடலாம். வாதாடலாம் என்பதை நம்பி ஒரு காலக்கெடுவைத் தாண்டவிடுவது மடமை. ஆகவே ஆசிரியருக்கு நாங்கள் சொன்ன கடைசி நாள் மார்ச் 10. அதற்கு முன்னால் முடிகிற வழிகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

புரோநோட்டுதான் என் கண்ணுக்கு எப்போதும் முதலில் படும் வழி. 13 இலட்சத்துக்கு மாணவர் ஒரு வாக்குறுதிச் சீட்டில் கையொப்பமிட்டால் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை அன்றைக்கே இல்லாமல் போகும். மனைவியின் கணக்குக்குப் போன பணம், மூன்று கடனா ஒரு கடனா என்ற கேள்வி, திரும்பி வந்த ஐம்பதினாயிரத்தின் அர்த்தம் எல்லாம் அந்தச் சீட்டுக்குள் கரைந்துவிடும். சீட்டு செல்லுபடியாக அதற்கு ஈடாக ஏதோ ஒன்று கைமாறியிருக்க வேண்டும், அதுதான் மாறீடு; பழைய கடனே புதிய சீட்டுக்குப் போதிய மாறீடு. ஆறு வருட அவகாசமும் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய நன்மை நடைமுறையில் இருக்கிறது. குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 703ஆம் பிரிவு, புரோநோட்டு, காசோலை, தொகை குறித்த எழுத்து ஒப்பந்தம் ஆகியவற்றுக்குச் சுருக்க நடைமுறை ஒன்று வைத்திருக்கிறது. அதில் எதிராளி நினைத்தவுடன் விடை போட்டு வழக்கை இழுக்க முடியாது. எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் தீர்ப்பாணை வழக்காளிக்கு. வாய்ப்பேச்சுக் கடனுக்கு இந்த வாசல் திறக்காது. வங்கிக் கூற்றை எத்தனை முத்திரை குத்திக் கொண்டுபோனாலும் அது பணம் போனதற்குச் சான்று, திருப்பித் தருவேன் என்ற வாக்கு அல்ல. வங்கிகள் கடன் அறவிடும் 1990ஆம் ஆண்டின் விசேட சட்டத்தையும் சிலர் கேட்பார்கள். கடனை அறவிடும் அதன் நடைமுறை கடன் வழங்கும் நிறுவனங்களுக்கானது. ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த ஆசிரியருக்கு அல்ல.

சீட்டு எழுதும்போது மலையகத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட பிழை ஒன்று உண்டு. வட்டியையும் முதலோடு சேர்த்து ஒரே தொகையாகப் போட்டுவிடுவார்கள். 13 இலட்சத்தை 16 என்று எழுதி, "வட்டி உள்ளே இருக்கிறது, விடு" என்பார்கள். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உண்மையில் கடனாகக் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் எவ்வளவு என்று சீட்டிலேயே தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்கிறது. தெரியாத சீட்டை நீதிமன்றத்தில் நிறைவேற்றுவது பெரும் பாடு. வெற்றுச் சீட்டில் கையொப்பம் வாங்கி வைத்துப் பின்னால் நிரப்புவது அதைவிட ஆபத்து. மனைவியையும் சேர்க்க வேண்டுமென்றால் அவரும் கையொப்பமிட வேண்டும். இன்னொருவருடைய கடனுக்கு நான் பொறுப்பு என்று வாயால் சொன்னது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி செல்லாது.

இவ்வளவு நல்ல வழிக்கு ஒரே ஒரு குறை: அது மாணவருடைய கையில் இருக்கிறது. அவர் "வருகிற ஞாயிறு வருகிறேன் சேர்" என்று சொல்லிக்கொண்டே மார்ச் 10ஐத் தாண்டிவிடலாம். அவருக்கும் ஒரு சட்டத்தரணி இருக்கக்கூடும். அதனால் இந்த வழிக்கு நாங்கள் ஜனவரி 15 என்று ஒரு கோடு போட்டோம். அதற்குள் கையொப்பம் வந்தால் நல்லது, வராவிட்டால் வழக்கு.

மத்தியஸ்த சபையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட கடன்களுக்கு இணக்கம் எட்டவில்லை என்று சபை தரும் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அந்தத் தொகை தொடக்கத்தில் 25,000 ரூபாய். திருத்தங்களால் ஏறி வந்திருக்கிறது, ஆகவே ஓரிரு இலட்சம் கேட்கிறவர்கள் முதலில் சபைக்குத்தான் போக வேண்டும். 13 இலட்சத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விரும்பினால் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடசாலை வகுப்பறையில், சிறிய மேசைக்கு எதிரெதிரே இருவரும் உட்கார்வார்கள். பழைய மாணவனும் ஆசிரியரும் அப்படி உட்கார்ந்தால் மனம் இளகக்கூடும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு விஷயங்கள் கையைப் பிடித்து இழுத்தன. அங்கே சொல்லும் வாக்குமூலங்களைப் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. நாமாகப் போய் எட்டிய இணக்கம் நீதிமன்றத் தீர்ப்பாணையைப்போல் சொத்தைப் பிடித்து நிறைவேற்றக்கூடியதும் அல்ல. ஒருவேளை சபைக்குப் போனாலும், அங்கே இணங்கிய தவணையை உடனே ஒரு புரோநோட்டாக எழுதிக்கொண்டுதான் எழும்ப வேண்டும்.

இனி வழக்கு. நான்கில் கடினமானது இது, ஆனால் ஆசிரியருடைய கையில் முழுவதும் இருப்பதும் இது ஒன்றுதான்.

வழக்கின் பாரம் வழக்காளியின் தலையில். பணம் போனது என்று காட்டினால் அது கடனென்று நீதிமன்றம் தானாக ஊகிக்காது. எதிராளிக்கு இருக்கும் கதைகள் சிலவே: அன்பளிப்பு, பழைய கடனைத் திருப்பிக் கொடுத்தது, சீட்டுப் பிடித்த காசு, தொழிலில் போட்ட பங்கு. அன்பளிப்பு என்ற கதை பலவீனமானது. நம் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் யாரும் சும்மா கொடுப்பார் என்று ஊகிப்பதில்லை. பழைய கடனைத் தீர்த்தது என்ற கதைக்கு மருந்து, மார்ச் 2023க்கு முந்திய இரண்டு மூன்று வருடக் கூற்றையும் எடுத்துவைப்பது. மாணவரிடமிருந்து ஒரு சதமும் வந்ததில்லை என்று அதில் தெரிந்தால் கதை முடிந்தது.

ஆசிரியரின் வழக்கில் உண்மையான ஆபத்து பங்கு என்ற கதை. மே மாத மாற்றலின்போது கைத்தொலைபேசியில் குறிப்பு எழுதும் கட்டத்தில் அவர் LORRY என்று அடித்திருந்தார். எதற்காகக் கொடுத்தோம் என்று தமக்கே நினைவிருக்கட்டும் என்று அடித்தது. செப்டெம்பரில் LOAN என்று அடித்திருந்தார். மார்ச்சில் ஒன்றுமில்லை. LORRY என்ற ஒரு சொல்லையும், திரும்பி வந்த இரண்டு சம தொகைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். "சேர் லொறியில் பங்காளி. இரண்டு மாதம் இலாபம் கொடுத்தேன். பிறகு நட்டம்." கதை அழகாகப் பொருந்துகிறது. நவம்பர் 24ஆம் திகதி நாங்கள் அனுப்பிய கோரிக்கைக் கடிதத்துக்கு வந்த பதிலும் ஏறத்தாழ இதுதான்.

இந்தக் கதையின் காலை உடைப்பது, கையொப்பமில்லாத பிணையை உடைத்த அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 18ஆம் பிரிவு, மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் பங்காண்மையை நிறுவ எழுத்தும் கையொப்பமும் வேண்டும் என்கிறது. 14 இலட்ச லொறிப் பங்காண்மைக்குக் காகிதம் எங்கே என்று கேட்கலாம். கடனுக்கு எழுத்து வேண்டாம், பங்காண்மைக்கு வேண்டும். எழுத்தில்லாமல் கொடுத்தவருக்குச் சட்டம் தரும் அபூர்வமான சலுகை இது. ஆனாலும் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வழக்குரையிலேயே இரண்டாவது வழக்கெழுகாரணம் ஒன்றை மாற்றாகச் சேர்க்க வேண்டும்: கடன் என்று நிரூபிக்க முடியாமல் போனாலும், சட்டக் காரணம் எதுவுமில்லாமல் எதிராளி 13 இலட்சத்தால் வழக்காளியின் செலவில் பயனடைந்திருக்கிறார், அதைத் திருப்ப வேண்டும் என்பது அது. இதைச் சேர்க்க மறந்த வழக்குரைகளைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் தீர்க்க வேண்டிய எழுவினாக்களை எழுதும் நாளில்தான் நினைவு வரும், அப்போது எதிர்ப்பு எழும்.

கோரிக்கைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். மரியாதைக்காக அனுப்புவது என்று நினைக்கிறார்கள். தொழில் சம்பந்தமான கடிதத்தில் ஒரு நிலைமை இருப்பதாக எழுதியிருந்தும், ஒப்புக்கொள்ளாதவர் பதில் எழுதாவிட்டால் அந்த மௌனமே அவருக்கு எதிராகப் போகலாம் என்பது சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து (49 புதிய சட்ட அறிக்கைகள் 529) இங்கே நிலைத்த கொள்கை. ஆகவே கடிதத்தில் "என் பணத்தைத் தா" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. மூன்று திகதி, மூன்று தொகை, எந்தக் கணக்கு, மே மாதத் தொகை அவருடைய வேண்டுகோளின்படியே மனைவியின் கணக்குக்குப் போனது, இரண்டு ஐம்பதினாயிரமும் கடனின் பகுதியாக வந்தது, மீதி 13 இலட்சம், 14 நாள் அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் மௌனம் பேசும். பதில் வந்தால், எங்களுக்கு வந்ததுபோல், எதிராளி ஒரே கதைக்குள் தன்னைக் கட்டிக்கொள்வார். பங்காண்மை என்று எழுதியவர் நாளைக்கு அன்பளிப்பு என்று மாற முடியாது. இன்னொன்று: பணம் வந்ததே இல்லை என்று இனி அவர் சொல்லவும் முடியாது. வட்டி பேசாத கடனுக்குச் சட்ட வட்டி கேட்பதும் இந்தக் கடிதத்தின் திகதியிலிருந்துதான்.

சான்றுகளுக்கு வந்தால், மஞ்சள் மை பூசிய கூற்று போதாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90அ முதலான பிரிவுகளின்படி, வங்கியின் பதிவேட்டுப் பிரதியில் அது சாதாரண அலுவலில் எழுதிய பதிவின் உண்மைப் பிரதி என்றும், பதிவேடு வங்கியின் பொறுப்பில் இருக்கிறது என்றும் பொறுப்பான உத்தியோகத்தர் கையொப்பமிட்டுத் தந்தால் அது முதனோக்குச் சான்றாகும், அதாவது மறுத்துக் காட்டும்வரை ஏற்கப்படும். கிளைக்குப் போய் "அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும், நீதிமன்றத்துக்கு" என்று எழுத்தில் கேட்க வேண்டும். கூற்றில் பெரும்பாலும் பெறுபவரின் முழுப் பெயர் இருக்காது, இலக்கம் ஒன்றுதான் இருக்கும். அந்த இலக்கம் யாருடையது என்று காட்ட மாணவரின் வங்கியையும், மனைவியின் வங்கியையும் சாட்சிப் பட்டியலில் போட்டு அழைப்பாணை எடுக்க வேண்டும். மனைவியின் கணக்கை மறந்தால் 5 இலட்சம் தொங்கும்.

வட்ஸ்அப் செய்திகளுக்குத் தொலைபேசியைத்தான் பாதுகாக்க வேண்டும். திரைப்பிடிப்பு எடுத்துவிட்டோமே என்று பழைய தொலைபேசியை விற்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கணினிச் சான்று ஏற்பாட்டின்படி, விசாரணைக்கு 45 நாள் முன்னதாக எதிர்ப்பக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்கும் வழக்கத்தை எங்கள் சட்டத்தரணி கைவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அது தேவையா என்று வாதிடலாம், ஆனால் ஓர் அறிவித்தலுக்கு ஆகும் செலவு ஒரு தபால் தலை. மலையகத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. செய்திகள் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குரை கொடுக்கும் உரிமையைத் தந்தாலும், எங்கள் பக்கத்தில் வழக்குரை தமிழில் போவது அரிது. "காசு" என்பதையும் "கடன்" என்பதையும் மொழிபெயர்ப்பாளர் ஒரே சிங்களச் சொல்லால் பெயர்த்துவிட்டால் வழக்கின் உயிரே போய்விடும். மாணவரின் ஒரு செய்தியில் "கடன்" என்றே இருந்தது. அந்தத் தாளை மட்டும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு தரம் திருத்தி வாங்கினோம்.

எங்கே தாக்கல் செய்வது? எதிராளி வசிக்கும் இடம், ஒப்பந்தம் நடந்த இடம், வழக்கெழுகாரணம் எழுந்த இடம் என மூன்றிலும் அதிகாரம் உண்டு. வீட்டுக்குப் பக்கம் என்று தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் தொலைபேசியில் எங்கே நடந்தது என்ற சண்டையில் ஒரு வருடம் இழப்பதைவிட, மாணவர் வசிக்கும் நுவரெலியாவிலேயே போடுவது நல்லது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும், அதை ஆசிரியரிடம் மறைக்கவில்லை. ஆனால் தாக்கல் செய்வது என்பது கடைசிவரை சண்டை பிடிப்பது அல்ல. 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தம் கொண்டுவந்த விசாரணைக்கு முந்திய அமர்விலேயே நீதிபதி இணக்கம் கேட்பார். அங்கே தவணைக்கு இணங்கினால் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்கீழ் அது தீர்ப்பாணையாகப் பதிவாகும். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதற்கும் நிறைவேற்று ஆணை எடுக்கலாம் என்ற வரியையும் அதில் சேர்க்கலாம். மத்தியஸ்த சபையில் எட்டுகிற அதே தவணைதான், ஆனால் பல்லோடு. புரோநோட்டு கிடைக்காதவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: போட்டுவிட்டு இணங்குங்கள், இணங்குவார் என்று போடாமல் இருக்காதீர்கள்.

ஜனவரி 15 வந்தது. மாணவர் சீட்டில் கையொப்பமிட வரவில்லை. ஆசிரியர் வங்கியிலிருந்து அத்தாட்சிப் பிரதியோடு வந்தபோது, LORRY என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். "இதை நான் எழுதாமல் இருந்திருந்தால்?" என்றார். எழுதாமல் இருந்ததைவிட LOAN என்று எழுதியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. வழக்குரையின் மூன்றாம் பந்தியில் அந்தக் குறிப்பை நாங்களே முதலில் எடுத்துச் சொல்லி, லொறி வாங்குவதற்கான கடன் என்பதால் அப்படி எழுதியது என்று விளக்கினோம். எதிர்ப்பக்கம் கண்டுபிடித்துக் காட்டினால் அது அவர்களுடைய ஆயுதம், நாம் முதலில் சொன்னால் நம்முடைய விவரம்.